டீசல் கணக்கில் சிவப்புக் கோடு

நாமக்கல்லில் ஐந்தாறு லாரி வைத்திருப்பவரின் ஆபீசில் சனிக்கிழமை மாலை பெரும்பாலும் டீசல் கணக்குதான் நடக்கும். எந்த வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எத்தனை லிட்டர் குடித்தது, மைலேஜ் என்ன என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுவார்கள். இடிக்கும் வரிக்குச் சிவப்புக் கோடு. அந்தக் கோடு விழுந்ததுமே டிரைவர் மீது சந்தேகம் விழுந்துவிடுகிறது. பல நேரம் தப்பு கணக்கிலேயே இருக்கும்.

ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். பத்துச் சக்கர லாரி, வழக்கமாக லிட்டருக்கு 4.1 கிலோமீட்டர் கொடுப்பது. திங்கட்கிழமை டேங்க் ஃபுல் செய்து கிளம்பியது. 600 கிலோமீட்டர் ஓடியதும் வழியில் 80 லிட்டர் மட்டும் போட்டார்கள். மேலும் 384 கிலோமீட்டர் ஓடித் திரும்பி வந்து ஃபுல் செய்தபோது 160 லிட்டர் பிடித்தது. ஒவ்வொரு பில்லையும் தனியாக வகுத்தால் முதலாவதற்கு 7.5 வரும், இரண்டாவதற்கு 2.4 வரும். இரண்டுமே பொய். 80 லிட்டர் போட்ட இடத்தில் டேங்கில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. எனவே ஒரு ஃபுல் டேங்கிலிருந்து அடுத்த ஃபுல் டேங்க் வரைதான் கணக்கு. இடையில் போட்டதையெல்லாம் கூட்டிக்கொள்ள வேண்டும். 984 கிலோமீட்டரை 240 லிட்டரால் வகுத்தால் அதே 4.1. வண்டியிலும் குறையில்லை, டிரைவரிடமும் குறையில்லை. பில்லில் ‘ஃபுல்’ என்று ஒரு வார்த்தை எழுதி வாங்காததுதான் குறை.

ஆனால் ‘ஃபுல்’ என்பதும் எப்போதும் ஒரே அளவு அல்ல. டீசல் நுரைக்கும், நுரை நாசிலைத் தொட்டதும் பம்ப் தானாக நின்றுவிடும். வண்டி சரிவில் நின்றால் டேங்கின் ஒரு மூலை நிரம்பாமல் போகும். பின்னால் வரிசை நீளமாக இருந்தால் பங்க் பையனும் பொறுமையாக நிரப்ப மாட்டான். வேறொரு வண்டியில் இது எப்படித் தெரியும் என்று பாருங்கள். அதன் வழக்கம் 4.0. போன வாரம் 800 கிலோமீட்டருக்கு 180 லிட்டர்தான் பிடித்தது, மைலேஜ் 4.44. நல்ல மைலேஜ் என்று யாரும் கேள்வி கேட்கவில்லை. இந்த வாரம் அதே 800 கிலோமீட்டருக்கு 220 லிட்டர், மைலேஜ் 3.64. உடனே சிவப்புக் கோடு. இரண்டு வாரத்தையும் சேர்த்தால் 1,600 கிலோமீட்டருக்கு 400 லிட்டர், சரியாக 4.0. போன வாரம் நிரம்பாமல் விட்ட 20 லிட்டரைத்தான் இந்த வாரம் டேங்க் கேட்டு வாங்கியிருக்கிறது.

திருட்டையும் அளவுப் பிசகையும் பிரித்துக் காட்டுவது இதுதான். பிசகு முன்வாரத்திலோ அடுத்த வாரத்திலோ ஈடாகிவிடும். வெளியே போன டீசல் ஈடாகாது. அதனால் வண்டியின் சொந்தச் சராசரியைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் குறி போடுங்கள். பக்கத்து வாரத்தோடு சேர்த்தும் குறைந்தே இருந்தால் மட்டும் விசாரியுங்கள். சொந்தச் சராசரி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மலைப்பாதையில் லோடோடு ஏறும் வண்டியைச் சமவெளியில் ஓடும் வண்டியோடு ஒப்பிடுவது நியாயமில்லை.

சராசரி பல வாரமாகப் படிப்படியாக இறங்கினால் முதலில் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். காற்று குறைந்த டயர், அடைந்த ஏர் ஃபில்டர், பிடித்துக்கொண்டே ஓடும் பிரேக், பழுதான இன்ஜெக்டர் எல்லாம் டீசலைத் தின்னும். மீட்டர் சரியாக ஓடாவிட்டாலும் கிலோமீட்டர் குறைந்து மைலேஜ் விழுந்ததுபோல் தெரியும். ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிட்டால் அது வெளிப்பட்டுவிடும்.

எந்தச் சமாதானத்துக்கும் அடங்காத குறி ஒன்று உண்டு: டேங்கில் இடமே இல்லாத பில். 300 லிட்டர் டேங்கை ஃபுல் செய்த வண்டி, லிட்டருக்கு 4 கொடுப்பது, 400 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. செலவானது சுமார் 100 லிட்டர். அங்கே 150 லிட்டருக்குப் பில் வந்தால் அதில் ஏறக்குறைய 50 லிட்டர் டேங்குக்குள் போயிருக்க வழியில்லை. பில் அதிகமாகப் போடப்பட்டிருக்கலாம், அல்லது நடுவழியில் டேங்கிலிருந்து டீசல் இறக்கப்பட்டிருக்கலாம். பில்லில் உள்ள நேரத்தை ஃபாஸ்டேக் பதிவோடு வைத்துப் பார்த்தால், அந்த நேரத்தில் வண்டி அந்த பங்க் பக்கம் இருந்ததா என்பதாவது தெரிந்துவிடும்.

லாரி வைத்திருக்கும் நண்பர்களே, வாரத் தாளில் ‘ஃபுல்லா, இல்லையா’ என்று ஒரு கட்டமும், ‘டிரைவர் சொன்ன பதில்’ என்று ஒரு கட்டமும் சேர்த்துக்கொள்ளுங்கள். படியில் பிடிப்பதற்கு முன் போன வாரத் தாளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.