தானியங்கி வால்வு: மிச்சமாகும் கூலியை எப்படிக் கணக்கிடுவது?

சொட்டுநீர்ப் பாசனத்தில் வால்வைத் தானாகத் திறந்து மூடும் கருவி வைத்தால் விளைச்சல் கூடும் என்று விற்பவர் சொல்வார். நேரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி வரும் தோட்டத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம். வரவு ஏறாது, செலவு மட்டுமே குறையும். எனவே கணக்கையும் செலவை வைத்தே போட வேண்டும்.

ஐந்து ஏக்கர் வாழைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். கருவிக்கு, பொருத்தும் செலவு உட்பட, ரூ.1,00,000 ஆகிறது. வருடத்துக்கு 160 நாள், தினமும் 2 மணி நேரம், மணிக்கு ரூ.75 என்றால் வால்வு மாற்றும் கூலி ரூ.24,000. வால்வு மாற்ற மறந்து ஒரு பாத்தியின் உரக்கரைசல் இன்னொரு பாத்திக்குப் போவது வருடத்தில் இரண்டு முறை நடக்கிறது, ஒவ்வொரு முறையும் ரூ.3,000 வீண் என்று வைத்தால் ரூ.6,000. தண்ணீரில்லாமல் ஓடி மோட்டார் காயில் எரிவது மூன்று வருடத்துக்கு ஒருமுறை, செலவு ரூ.12,000 என்றால், வருடத்துக்கு ரூ.4,000. மொத்தம் ரூ.34,000. இதில் பேட்டரி, வால்வு டயாபிரம் மாற்றுதல், வடிகட்டி சுத்தம் ஆகியவற்றுக்கு ரூ.5,000 போக மீதி ரூ.29,000.

ஐந்து வருடத்துக்கு ரூ.1,45,000 என்று பெருக்கிவிடாதீர்கள். வட்டி 10 சதவீதம் என்றால், அடுத்த வருடம் மிச்சமாகும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 91 ரூபாய்தான்; ஐந்தாம் வருடத்து 100 ரூபாய்க்கு 62. ஐந்து வருடத்தையும் சேர்த்தால் 3.79 மடங்கு வரும். 29,000-ஐ அதால் பெருக்கினால் சுமார் ரூ.1,09,900. முதலீடு போக ரூ.9,900 மிச்சம்.

இந்த மிச்சம் எளிதில் கரைந்துவிடும். மோட்டார் எரிவதைத் தடுக்க, ஸ்டார்ட்டர் பெட்டியில் பொருத்தும் டிரை ரன் தடுப்பானே போதும். அதன் விலை இந்தக் கருவியோடு ஒப்பிட்டால் சொற்பம். ஆகவே அந்த ரூ.4,000-ஐத் தானியங்கியின் பெயரில் எழுதக் கூடாது. அதை நீக்கினால் ரூ.25,000, இன்றைய மதிப்பு ரூ.94,750. முதலீடே திரும்பவில்லை.

பெரிய பிழை கூலியில்தான் நடக்கிறது. வால்வு மாற்றுபவர் மாதச் சம்பளத்துக்கு இருப்பவர் என்றால், இரண்டு மணி நேரம் மிச்சமானாலும் சம்பளம் குறையாது. அந்த நேரத்தில் அவர் களை எடுத்து, வெளிக்கூலி ஆட்களைக் குறைத்தால் மட்டுமே பணம் மிச்சம். பாதி நேரம் மட்டும் அப்படிப் பயன்பட்டால் கூலி மிச்சம் ரூ.12,000 ஆகிவிடும், முதலீட்டில் பாதிகூடத் திரும்பாது. மாறாக, வால்வு திருப்பவே தனியாக ஆள் வைத்து அன்றாடம் கூலி கொடுப்பவருக்கு இதே கருவி லாபம் தரலாம். மானியம் கிடைத்தால், உங்கள் கையிலிருந்து போகும் தொகையை மட்டும் முதலீடாக எழுதுங்கள்.

பாசனத்தின் நடுவில் மின்சாரம் நின்று திரும்பினால், சில கருவிகள் முதல் வால்விலிருந்து மறுபடி தொடங்கிவிடும். முதல் பாத்திக்கு இரட்டைத் தண்ணீர், கடைசிப் பாத்திக்கு ஒன்றுமில்லை. விட்ட இடத்திலிருந்து தொடருமா என்று ஓட்டிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். இல்லையென்றால் அந்த ரூ.6,000-மும் மிச்சமாகாது.