விற்றுப் பார்க்காத பொருளுக்கு விற்பனைக் கணிப்பு

பல ஆண்டுகளாகக் கடையில் இருக்கும் பொருள் அடுத்த ஆண்டு எவ்வளவு விற்கும் என்பதை அதன் பழைய கணக்கே ஓரளவு சொல்லிவிடும். முதன்முறையாகச் சந்தைக்கு வரும் பொருளுக்கு அப்படியொரு கணக்கு கிடையாது. அந்தத் துறையில் பழக்கம் உள்ளவர்களின் அனுபவம் ஒன்றுதான் கையில் இருக்கும். அவர்களை ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்துக் கேட்டால், முதலாளியோ மூத்த மேலாளரோ முதலில் ஓர் எண்ணைச் சொல்வார். மற்றவர்களின் எண்கள் அதை ஒட்டியே வந்து விழும். அறையில் பத்துப் பேர் இருந்தும் கிடைப்பது ஒருவருடைய கருத்துதான். இந்தக் குறையைத் தவிர்க்க உருவானதே டெல்ஃபி முறை.

குறி சொல்வதற்குப் பெயர்பெற்ற பண்டைய கிரேக்கத் தலம் டெல்ஃபி. அந்தப் பெயரைத் தாங்கிய இந்த முறை பிறந்ததோ அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில், 1950களில், இராணுவக் கேள்வி ஒன்றுக்காக. அமெரிக்கப் போர்த்தளவாட உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவு குறைக்க எத்தனை அணுகுண்டுகள் தேவைப்படும் என்று 7 நிபுணர்களிடம் தனித்தனியே கேட்டார்கள். முதலில் வந்த விடைகள் 50இலிருந்து 5,000 வரை சிதறிக் கிடந்தன. 5 வினாப்பட்டியல்களுக்குப் பின் அவை 167க்கும் 360க்கும் இடையே வந்து நின்றன. நார்மன் டால்கியும் ஓலாஃப் ஹெல்மரும் இந்த ஆய்வை 1963இல் வெளியிட்ட பிறகு, முறை வணிக உலகத்துக்கும் பரவியது.

இந்த முறையில் பங்கேற்பவர்கள் ஒருவரையொருவர் அறிய மாட்டார்கள். யார் எதைச் சொன்னார் என்பது ஒருங்கிணைப்பாளர் ஒருவருக்கு மட்டுமே தெரியும். ஒவ்வொருவரும் எண்ணையும் அதற்கான காரணத்தையும் எழுதி அனுப்புவார்கள். ஒருங்கிணைப்பாளர் அவற்றைத் தொகுத்து, பெயர் நீக்கி, எல்லோருக்கும் திருப்பி அனுப்புவார். அதைப் படித்தபின் தம் எண்ணை மாற்றவும் செய்யலாம், அப்படியே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். இப்படிச் சில சுற்றுகள் நடக்கும். கடைசிச் சுற்றின் நடு எண்ணே குழுவின் கணிப்பு.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: கரண்ட் போனாலும் ஓடும், பேட்டரி பொருத்திய வெட் கிரைண்டர் ஒன்றை ஒரு நிறுவனம் தமிழ்நாட்டுச் சந்தைக்குக் கொண்டுவர நினைக்கிறது. விலை 9,500 ரூபாய். கணிப்புக்கு 9 பேரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிறுவனத்தின் விற்பனை ஆட்கள் மட்டும் என்றால் எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். அதனால் வீட்டு உபயோகப் பொருள் கடைக்காரர்கள், மொத்த வியாபாரி, பழுது பார்ப்பவர், தவணைக் கடன் தருபவர், உற்பத்திப் பொறியாளர் என்று கலந்து சேர்க்கப்படுகிறார்கள்.

அடுத்து, கேள்வியை எழுத வேண்டும். ‘முதலாண்டில் எத்தனை விற்கும்?’ என்று கேட்டால் மொத்த வியாபாரி, கடைகளுக்கு இறக்கும் சரக்கைக் கணக்கிடுவார். கடைக்காரர், வாடிக்கையாளர் வாங்கிப்போவதைக் கணக்கிடுவார். இரண்டும் வேறு வேறு எண்கள். எனவே ‘அறிமுகமான நாளிலிருந்து 12 மாதங்களில், 9,500 ரூபாய் விலையில், தமிழ்நாட்டு வீடுகள் எத்தனை கிரைண்டர்களை வாங்கும்?’ என்று கேள்வி திருத்தப்படுகிறது.

முதல் சுற்றில் 6,000, 8,000, 9,000, 10,000, 12,000, 15,000, 18,000, 30,000, 60,000 என்று விடைகள் வருகின்றன. இவற்றின் சராசரி ஏறக்குறைய 18,700. ஒன்பது பேரில் ஏழு பேர் அதற்குக் கீழேதான் சொல்லியிருக்கிறார்கள். 60,000 என்ற ஒரே விடை சராசரியை மேலே இழுத்துவிட்டது. அதனால்தான் வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணை எடுக்கிறார்கள். இங்கே அது 12,000. வரிசையின் நடுப்பகுதி 9,000 முதல் 18,000 வரை. இதற்கு வெளியே நிற்பவர்களிடம் காரணத்தை விரிவாகக் கேட்பது வழக்கம்.

60,000 என்றவர், எல்லாக் கடைகளிலும் பொருள் கிடைக்கும் என்று எண்ணியிருக்கிறார். 6,000 என்றவர் பழுது பார்ப்பவர். பேட்டரி கெட்டால் சிற்றூர்களில் மாற்றித்தர ஆளில்லை, அந்தப் பேச்சு பரவினால் விற்பனை படுத்துவிடும் என்கிறார். இரண்டு காரணங்களும் பெயரின்றி அனைவருக்கும் போகின்றன. கூடவே ஒரு தகவலும் சேர்கிறது: முதலாண்டில் 150 கடைகளுக்கு மட்டுமே சரக்கு போகும். இப்போது யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடைக்கு மாதம் 8 விற்றால்கூட ஆண்டுக்கு 14,400தான்.

இரண்டாம் சுற்றில் விடைகள் 7,000 முதல் 20,000 வரை சுருங்குகின்றன. நடு எண் 11,000. மூன்றாம் சுற்றில் நடு எண் 10,500. நடுப்பகுதி 9,000 முதல் 12,500 வரை. புதிய காரணம் எதுவும் வரவில்லை, நடு எண்ணும் பெரிதாக நகரவில்லை. இங்கே நிறுத்திவிடலாம். பெரும்பாலும் மூன்று சுற்றுகளுக்குமேல் தேவைப்படுவதில்லை.

தவணைக் கடன் தருபவர் மட்டும் கடைசிவரை 20,000இலேயே நிற்கிறார். வட்டியில்லாத் தவணை கொடுத்தால் வாங்குபவர் கூட்டமே மாறிவிடும் என்பது அவர் வாதம். அவரை இறங்கிவரச் சொல்லி வற்புறுத்துவது முறையைக் கெடுப்பதாகும். அவர் சொன்னது, தவணைத் திட்டம் வந்தால் என்ன ஆகும் என்ற தனிக் கணிப்பாக அறிக்கையில் பதிவாகிறது.

எண்கள் நெருங்கி வருவதாலேயே கணிப்பு சரியாகிவிடாது. நடு எண்ணைப் பார்த்தவுடன் ‘நாம் மட்டும் ஏன் தனித்து நிற்க வேண்டும்’ என்று சிலர் அதை நோக்கி நகர்வதுண்டு. முகம் தெரியாவிட்டாலும் கூட்டத்தின் அழுத்தம் இருக்கத்தான் செய்கிறது. இதைக் கண்டுபிடிக்க எண்களோடு காரணங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 60,000இலிருந்து இறங்கியவர் ‘150 கடைகள் என்று இப்போதுதான் தெரிந்தது’ என்று எழுதினால் அது அறிவால் வந்த மாற்றம். ‘மற்றவர்கள் சொல்வது சரியாக இருக்கலாம்’ என்று எழுதினால் அது வெறும் ஒத்துப்போதல். இரண்டாவது வகை மிகுந்தால் முதல் சுற்றின் எண்களையும் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

ஒருங்கிணைப்பாளரும் தவறு செய்யக்கூடும். பழுது பார்ப்பவரின் நீண்ட விளக்கத்தை ‘பேட்டரிச் சிக்கல்’ என்று இரண்டு சொற்களில் சுருக்கிவிட்டால் அதன் வலு மற்றவர்களுக்குப் போய்ச் சேராது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சலித்து நடுவில் விலகினாலும் எண்கள் நெருங்கியதுபோலத் தோன்றும். அதனால் விலகியவர் யார், அவர் கடைசியாகச் சொன்ன எண் என்ன என்று குறித்துவைப்பது வழக்கம்.

9,000 முதல் 12,500 வரை என்ற வரம்பையும் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். நிபுணர்கள் தமக்குள் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. சந்தை அதற்குள் அடங்கும் என்பதற்கு அது உத்தரவாதமில்லை. ஒன்பது பேரும் ஒரே விஷயத்தைக் கவனிக்கத் தவறியிருந்தால், ஒன்பது பேரும் சேர்ந்தே தவறுவார்கள். எனவே கணிப்பை நம்பி ஓராண்டுச் சரக்கையும் மொத்தமாகச் செய்துவிடாமல், கீழ் வரம்பான 9,000ஐ வைத்து முதல் மூன்று மாதங்களுக்கு மட்டும் தயாரிப்பது நல்லது. தீபாவளி போன்ற பண்டிகைக் காலம் அதற்குள் வராவிட்டால், மூன்று மாதத்துக்கு ஏறத்தாழ 2,250 கிரைண்டர்கள் போதும். அந்த மூன்று மாதங்களில் கடைகளில் உண்மையாகவே விற்ற எண்ணிக்கை கைக்கு வந்ததும், அதுவரை இல்லாதிருந்த பழைய கணக்கு தொடங்கிவிடுகிறது. அடுத்த கணிப்பை அதிலிருந்தே போடலாம்.