வீட்டுக்குப் போகும் முன் ஒரு தாள்

பக்கவாதத்தில் மூன்று வாரம் வார்டில் கிடந்தவர், மூக்கில் உணவுக்குழாய், சிறுநீருக்கு ஒரு குழாய், இடுப்பில் படுக்கைப் புண், தினம் இரண்டு வேளை இன்சுலின் என்ற நிலையில் வீட்டுக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அறுபதைத் தாண்டிய விவசாயி. ஊர் மதுரைக்குப் பக்கத்துக் கிராமம். மகனுக்குத் திருப்பூரில் வேலை. இப்படிப்பட்டவரை அனுப்பும் முன் டாக்டர், வார்டு சிஸ்டர், பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரு அரைமணி நேரம் கூடிப் பேசுவது முறை. வீட்டார் ஒருவரும் உட்கார்ந்திருந்தால் இன்னும் நல்லது. பேசியதை எழுதி வைப்பதுதான் கூட்டக் குறிப்பு. அதை எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்து, போனவர் மறுவாரமே ஆம்புலன்ஸில் திரும்பி வருவதும் வராததும் இருக்கிறது.

பல குறிப்புகளில் இப்படி ஒரு வரி இருக்கும்: 'குடும்பத்தினருக்குப் பயிற்சி அளிக்கப்படும்.' குடும்பத்தினர் என்றால் யார்? பயிற்சி கொடுப்பது யார்? எப்போது? மூன்றுக்கும் பதில் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவர் சொல்லிக் கொடுப்பார் என்று இருந்துவிட, டிஸ்சார்ஜ் அன்று காலையில் ஒரு சிஸ்டர் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடிப்பார். இதை முடிவு என்று சொல்ல முடியாது. ஆசை என்றுதான் சொல்ல வேண்டும்.

நம் நோயாளிக்கு இன்சுலின் போட வேண்டியவர் மனைவி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். கூட்டத்தில் சிஸ்டர் சொல்கிறார், "அம்மாவுக்குக் கண்புரை இருக்கு சார், சிரிஞ்சில கோடு தெரியல." அத்தோடு திட்டம் மாறுகிறது. நம் நாட்டில் புட்டியில் விற்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. ஒரு மில்லிக்கு 100 யூனிட் மருந்தும் கிடைக்கிறது. அதற்கு ஆரஞ்சு மூடி. 40 யூனிட் புட்டியிலிருந்து ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை எடுத்தால் உடம்புக்குள் போவது எட்டு யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் 50 யூனிட் போய்விடும், உயிருக்கே ஆபத்து. ஆகவே குறிப்பில் ஏறிய வரி இது: 'இன்சுலின் போடுபவர் மருமகள். கற்றுக்கொடுப்பவர் காலை ஷிப்ட் சிஸ்டர் (பெயருடன்). வியாழன் மாலைக்குள் மருமகள் மூன்று முறை தானே அளந்து போட்டுக் காட்ட வேண்டும். வீட்டுக்குக் கொடுப்பது 40 யூனிட் புட்டி, சிவப்பு மூடி சிரிஞ்சு மட்டும்.'

வேலை முடிந்ததா என்று எப்படித் தெரியும் என்பதும் அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. 'சொல்லிக் கொடுத்தாயிற்று' என்பதை யாரும் சரிபார்க்க முடியாது. 'மூன்று முறை போட்டுக் காட்டினார்' என்பதைச் சரிபார்க்கலாம்.

மருந்தாளுநர் இன்னொன்றைக் கண்டுபிடிக்கிறார். சீட்டில் உள்ள சர்க்கரை மாத்திரை மெல்ல மெல்லக் கரையும் வகை. குழாய் வழியே கொடுக்க அதைப் பொடித்தால் ஒரு நாள் முழுக்கப் பரவ வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கும், குழாயும் அடைத்துக்கொள்ளும். மாற்றி எழுத வேண்டியவர் டாக்டர், கெடு புதன். குழாயில் உணவு ஊற்றும்போதும் அதன்பின் அரைமணி நேரமாவதும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவு நுரையீரலுக்குள் போகலாம். கயிற்றுக் கட்டிலில் அது எப்படி முடியும்? கட்டிலும் ஏர் பெட்டும் வாடகைக்கு ஏற்பாடு செய்வது மகன் பொறுப்பு, வியாழனுக்குள். ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போன் செய்து, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிசியோதெரபிக்குப் பதிவு செய்வது சமூகப் பணியாளர். சிறுநீர்க் குழாய் போட்ட தேதியும் மாற்ற வேண்டிய தேதியும் குறிப்பில் இருக்கும்.

ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான். 'சிஸ்டர், பிசியோ' என்று இரண்டு பேரைப் போட்டால் இருவருமே செய்ய மாட்டார்கள் என்பது வார்டில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும்.

டிஸ்சார்ஜ் தேதியை முதலில் சனிக்கிழமை என்றுதான் குறித்தார்கள். ஞாயிறன்று குழாய் கழன்றால் ஊர் சுகாதார நிலையத்தில் யாரைக் கேட்பது என்று சமூகப் பணியாளர் கேட்டதும் திங்களுக்குத் தள்ளினார்கள். அதற்குள் கட்டில் வராவிட்டாலோ, மருமகள் சரியாக அளக்காவிட்டாலோ அனுப்புவதில்லை, அதை முடிவு செய்பவர் வார்டு டாக்டர் என்பது கடைசி வரி.

உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் டிஸ்சார்ஜ் ஆவதாக இருந்தால், பில் கட்டுவதற்கு முன் இந்தத் தாளின் நகலைக் கேளுங்கள். தாள் இல்லை என்றால் யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று சிஸ்டரைக் கேட்டு நீங்களே எழுதி, டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.