அதே அரிசி, அதே பருப்பு, ஏழு நாள் சாப்பாடு

புரதம், மாவுச்சத்து, கொழுப்பு ஆகிய மூன்றின் அளவும் ஒரு பொருளைச் சமைப்பதற்கு முன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. 60 கிராம் துவரம்பருப்பு சாம்பாரானாலும் துவையலானாலும் அதிலுள்ள புரதம் ஏறக்குறைய 13 கிராம்தான். நாக்குக்குத்தான் அவை இரண்டும் வேறு வேறு பண்டங்கள். வாரச் சுழற்சிப் பட்டியல் நிற்பது இந்த வேறுபாட்டில்தான்.

ஒருவருக்குப் பகலுக்கும் இரவுக்குமாக அரிசி 150 கிராம், துவரம்பருப்பு 60 கிராம், இரண்டு முட்டை, தயிர் 200 கிராம், எண்ணெய் மூன்று தேக்கரண்டி என்று வைத்துக்கொண்டால், சுமார் 43 கிராம் புரதமும் 160 கிராம் மாவுச்சத்தும் 35 கிராம் கொழுப்பும் கிடைக்கும். காய்கறி இதற்கு வெளியே. நிறுப்பது சமைப்பதற்கு முன்புதான். குழைந்த சாதத்தில் தண்ணீர் கூடுதலாக இருப்பதால் வெந்த சோற்றின் எடை கணக்குக்கு உதவாது.

இதே படியில் திங்களன்று சாதம், சாம்பார், அவித்த முட்டை. செவ்வாயன்று அரிசியையும் பருப்பையும் ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்தால் அடை. முட்டையை அதன்மேலேயே உடைத்து ஊற்றலாம். புதனன்று தயிர் மோர்க்குழம்பாகிறது, பருப்பு ஆவியில் வெந்து உசிலியாகிறது. வியாழனன்று பருப்புத் துவையலும் ரசமும் ஆம்லெட்டும். வெள்ளியன்று எல்லாம் ஒரே பாத்திரத்தில் சாம்பார் சாதம். சனியன்று முட்டைக் குழம்பும் பருப்புக் கடைசலும். ஞாயிறன்று எலுமிச்சை சாதம், பருப்புக் கூட்டு, முட்டைப் பொரியல். குழைவான நாளை அடுத்து மொறுமொறுப்பான நாள், புளிக்கு அடுத்து மோர் என்று அமைவதே இதன் சூட்சுமம். காரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை.

வடிவம் மாறினாலே அலுப்பு குறையும் என்பதற்குச் சான்று உண்டு. பார்பரா ரோல்ஸும் அவருடைய சகாக்களும் 1980-களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வுகளில், ஒரே பாஸ்தாவை வெவ்வேறு வடிவங்களில் பரிமாறியபோது மக்கள் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இதில் எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது: வகை கூடினால் வயிற்றில் போவதும் கூடும். படியளவு தேவைப்படுவது இதனால்தான்.

கணக்கு பெரும்பாலும் தவறுவது எண்ணெயில்தான். உசிலியை உதிர்க்கவும் அடையை முறுகவைக்கவும் கை தாராளமாகும். வடையைப் பட்டியலில் சேர்த்தால் குடிக்கும் எண்ணெயை அளக்கவே வழியில்லை. துவையலில் சேரும் 30 கிராம் தேங்காய், இரண்டு தேக்கரண்டி எண்ணெய்க்குச் சமம். ஒரு வார எண்ணெயை, அதாவது 105 மில்லியை, ஞாயிறன்றே தனிப் புட்டியில் ஊற்றி வைத்தால் பிசகு தெரிந்துவிடும். வியாழனன்றே புட்டி காலியானால் கொழுப்புக் கணக்கு உடைந்துவிட்டது.

மாற்றுப் பொருளிலும் கவனம் வேண்டும். துவரைக்குப் பதில் பாசிப்பருப்பை அதே எடையில் போடலாம். ஒரு முட்டைக்கு 30 கிராம் பருப்பு புரதத்தில் ஈடாகும். ஆனால் 18 கிராம் மாவுச்சத்து கூடவே வரும், 5 கிராம் கொழுப்பு குறையும். அன்று அரிசியில் ஒரு பிடியைக் குறைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயைக் கூட்டினால் கணக்கு நேராகும்.