ஒரு லாரி விறகில் எவ்வளவு சூடு?

திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சாயப்பட்டறைகளுக்கு நீராவி இல்லாமல் வேலை ஓடாது. அந்த நீராவியைத் தரும் பாய்லர்கள் பலவற்றில் இன்றும் விறகுதான் எரிகிறது. லோடு ஏற்றிய லாரி எடை மேடையில் ஏறும். இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது மறுபடி ஏறும். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசத்துக்குப் பணம். பட்டறைக்காரருக்கு வேண்டியது சூடு. ஆனால் அவர் காசு கொடுப்பது கிலோவுக்கு. ஒரு கிலோவில் எவ்வளவு சூடு அடங்கியிருக்கிறது என்பதைச் சொல்லும் எண்தான் கலோரி மதிப்பு.

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் சூடு ஒரு கிலோகலோரி. ஒரு கிலோ எரிபொருள் முழுவதும் எரிந்தால் எத்தனை கிலோகலோரி கிடைக்கும் என்று கணக்கிடுகிறார்கள். கிலோ கணக்கில் எரித்துப் பார்க்கத் தேவையில்லை, ஒரு கிராம் போதும். அதைப் பொடித்து வில்லையாக அழுத்தி, தடித்த எஃகுக் குப்பிக்குள் வைத்து, 25, 30 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜனை அடைத்து, குப்பியைத் தண்ணீரில் மூழ்க வைப்பார்கள். இந்தக் கருவிக்குப் பெயர் பாம் கலோரிமீட்டர். உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ச்சினால் வில்லை பற்றிக்கொள்ளும். தண்ணீர் எத்தனை டிகிரி ஏறியது என்று பார்க்க வேண்டியதுதான். குப்பியும் தண்ணீரும் சேர்ந்து ஒரு டிகிரி ஏற 2,400 கலோரி வேண்டும் என்று முன்பே அளந்து வைத்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒரு கிராம் நிலக்கரி எரிந்து 1.75 டிகிரி ஏறினால் அது 4,200 கலோரி. அப்படியானால் அந்த நிலக்கரியில் ஒரு கிலோவுக்கு 4,200 கிலோகலோரி.

இந்த எண்ணை அப்படியே நம்பிக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். காரணத்தைச் சமையலறையிலேயே பார்க்கலாம். கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, குளிர்ந்த தண்ணீர் நிறைந்த பாத்திரத்தை ஏற்றிய முதல் நிமிடத்தில் அதன் அடிப்புறம் வியர்க்கும். பாத்திரம் ஒழுகுகிறதோ என்று பலர் சந்தேகப்பட்டிருப்பார்கள். ஒழுகவில்லை. கேஸில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது. அது குளிர்ந்த உலோகத்தில் பட்டுத் துளியாகிறது. ஒரு கிலோ சமையல் கேஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ தண்ணீர் பிறக்கும். பாத்திரம் சூடேறியதும் வியர்வை நின்றுவிடும், நீராவி அறைக்காற்றில் கலந்துபோகும். தன்னை ஆவியாக்கிய சூட்டையும் அது கையோடு கொண்டுபோகும். ஒவ்வொரு கிலோ ஆவியும் கொண்டுபோவது சுமார் 580 கிலோகலோரி.

மூடிய குப்பிக்குள் அந்த ஆவி வெளியேற வழியில்லை. அங்கேயே குளிர்ந்து தண்ணீராகி, சூட்டைத் திருப்பித் தந்துவிடுகிறது. அதனால் ஒரே எரிபொருளுக்கு இரண்டு மதிப்புகள் உண்டு. ஆவியின் சூட்டையும் சேர்த்துச் சொல்வது மொத்த மதிப்பு, அதைக் கழித்துச் சொல்வது நிகர மதிப்பு. சமையல் கேஸுக்கு மொத்தம் சுமார் 11,800, நிகரம் சுமார் 10,900. ஐரோப்பிய வீடுகளில் புகையைக் குளிரவைத்து ஆவியின் சூட்டையும் கறந்துவிடும் பாய்லர்கள் உண்டு. அவற்றின் திறனை நூறு சதவீதத்துக்கு மேல் போட்டு விற்பார்கள். மோசடி ஒன்றுமில்லை, நிகர மதிப்பால் வகுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

டீசலுக்கு நிகர மதிப்பு சுமார் 10,200. ஈரம் துளியும் இல்லாமல் காய்ந்த விறகுக்கு 4,400தான். பாதிக்கும் கீழே ஏன் போகிறது? கேஸும் டீசலும் கிட்டத்தட்ட முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும். ஆனால் மரத்தில் கார்பன் பாதி, ஹைட்ரஜன் ஆறு சதவீதம், மிச்சத்தில் பெரும்பகுதி ஆக்சிஜன். ஹைட்ரஜன் தன் எடையைப் போல எட்டு மடங்கு ஆக்சிஜனோடு சேர்ந்து தண்ணீராகும். ஆறு சதவீத ஹைட்ரஜனுக்கு 48 சதவீத ஆக்சிஜன் வேண்டும். மரத்துக்குள்ளேயே 43 சதவீதம் இருக்கிறது. சூடு தரவேண்டிய ஹைட்ரஜனில் பெரும்பகுதி, மரம் வளரும்போதே ஆக்சிஜனோடு இணைந்துவிட்ட கணக்கு. நம் அடுப்பில் உண்மையில் எரிவது பெரும்பாலும் கார்பன் மட்டுமே. மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கினால் ஒரு கிலோவின் மதிப்பு 7,000 பக்கம் ஏறுவதும் இதனால்தான்: ஆக்சிஜன் கழன்று போய்க் கார்பன் மிஞ்சுகிறது.

இனி லாரிக்கு வருவோம். அன்று வெட்டிய சீமைக் கருவேல விறகில் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். சில மாதம் வெயிலும் காற்றும் பட்டால் ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கும். 20 சதவீத ஈரமுள்ள ஒரு கிலோவில் மரம் 800 கிராம். அது தரும் 3,520 கிலோகலோரியில், 200 கிராம் தண்ணீரை ஆவியாக்க 120 போனால் மிச்சம் 3,400. பச்சை விறகில் மரம் 500 கிராம்தான். 2,200 வரும், அதில் 290 தண்ணீருக்குப் போகும், கைக்கு 1,900. காய்ந்த விறகு டன் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பச்சை விறகுக்கு 2,800 ரூபாய்க்கு மேல் கொடுப்பது நஷ்டம். ஐந்து பத்து சதவீதம் தள்ளுபடி கிடைத்ததென்று மகிழ்வதில் அர்த்தமில்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. ஒரு டன் பச்சை விறகை வாங்கி, கொட்டகையில் அடுக்கி, 20 சதவீத ஈரத்துக்குக் காயவிடுங்கள். எடை 625 கிலோவாகக் குறையும். முதலில் அதிலிருந்த சூடு 19 லட்சம் கிலோகலோரி; இப்போது 21 லட்சத்துக்கும் மேல். கிட்டத்தட்ட 375 கிலோ காணாமல் போய், சூடு இரண்டு லட்சம் கூடியிருக்கிறது. தண்ணீரை ஆவியாக்கும் வேலையை வெயில் இலவசமாகச் செய்துவிட்டதே காரணம். மழைக்காலத்தில் மேலே தகரம் போடாமல் அடுக்கினால் இந்த லாபம் திரும்பிப் போய்விடும்.

ஈரத்தைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள் இரண்டு கட்டையைத் தட்டிப் பார்ப்பார்கள். காய்ந்தது ‘டங்’ என்று ஒலிக்கும், ஈரம் மந்தமாகச் சத்தமிடும். காய்ந்த கட்டையின் வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரம்வரை வெடிப்பு ஓடியிருக்கும். எரியும்போது முனையில் நுரை தள்ளிச் சீறினால் சந்தேகமே வேண்டாம். கணக்குப் பார்த்துப் பணம் கொடுக்க இது போதாது. லோடின் மேலே, நடுவே, அடியில் என்று பல கட்டைகளின் உட்பகுதியிலிருந்து வில்லைகள் அறுத்து எடைபோட்டு, 105 டிகிரி சூட்டடுப்பில் எடை இனிக் குறையாது என்ற நிலைவரை வைத்து, திரும்ப எடைபோட வேண்டும். குறைந்த எடைதான் ஈரம். மேல் கட்டையை மட்டும் பார்த்தால் லோடு எப்போதுமே காய்ந்ததாகத்தான் தெரியும்.

நிலக்கரியில் தண்ணீரோடு கல்லும் சேர்கிறது. இந்தியச் சுரங்கக் கரியில் எரியாத சாம்பல் 35, 40 சதவீதம் இருப்பது சாதாரணம். தமிழக அனல் மின் நிலையங்களுக்கு ஒடிசாவின் தால்சேரிலிருந்து ரயிலில் பாரதீப் துறைமுகம் போய், அங்கிருந்து கப்பலில் வரும் கரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணும் கல்லும்தான். இந்தோனேசியாவின் மலிவு ரகக் கரியில் சாம்பல் குறைவு, ஈரம் அதிகம். இரண்டும் கிலோவுக்கு நாலாயிரம் சொச்சத்தில் வந்து நிற்கலாம், ஆனால் ஒன்று சாம்பல் மலையைக் குவிக்கும், மற்றொன்று புகைபோக்கி வழியாக ஆவியை அனுப்பும். 2012 முதல் இந்தியாவில் கரியின் தரத்தை மொத்தக் கலோரி மதிப்பைக் கொண்டே ஜி-1 முதல் ஜி-17 வரை பிரிக்கிறார்கள். 7,000-க்கு மேல் போனால் ஜி-1. அதற்குக் கீழே 300 கிலோகலோரிக்கு ஒரு படி. ஒரு படி இறங்கினால் விலையும் இறங்கும். அதனால்தான் சுரங்கத்தில் ஒரு தரம், மின் நிலையத்தில் வேறு தரம் என்ற தகராறு ஓய்வதில்லை. ரயில் நிறையக் கரிக்குக் கடைசியில் ஒரு கிராம் பொடிதான் சாட்சி. தவறு பெரும்பாலும் நடப்பது அந்த ஒரு கிராமை எடுத்த விதத்தில்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழ பாதி தண்ணீர். மொத்த மதிப்பு 2,600 பக்கம். இதை ரயிலேற்றி ஊர் ஊராக அனுப்புவது தண்ணீருக்கு டிக்கெட் எடுப்பது போல. மின் நிலையத்தைச் சுரங்க வாசலிலேயே கட்டியதற்கு இது முக்கியக் காரணம். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. அதற்கு அங்கே சுமார் ஒரு கிலோ கரி எரிகிறது.

டீசலில் ஈரமும் இல்லை, சாம்பலும் இல்லை. அங்கே குழப்பம் அளவையில் வருகிறது. கிலோவுக்குப் பார்த்தால் கேஸ்தான் டீசலைவிட மேல். ஆனால் பங்க்கில் லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். ஒரு லிட்டர் டீசல் 830 கிராம் இருக்கும், அதில் 8,500 கிலோகலோரி. திரவமாக அடைத்த கேஸ் லிட்டருக்கு 540 கிராம்தான், 5,900 கிலோகலோரி. கேஸுக்கு மாற்றிய வண்டி லிட்டருக்குக் குறைவான தூரம் ஓடுவதற்கு மெக்கானிக்கைத் திட்டிப் பயனில்லை.

கடைசியாக அடுப்பு. கல்யாண வீட்டில் 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க 3,500 கிலோகலோரி போதும். நல்ல கேஸ் அடுப்பில் நூற்றுக்கு 65 பங்கு சூடு பாத்திரத்தில் ஏறும் என்றால் அரைக் கிலோ கேஸில் வேலை முடிந்துவிடும். மூன்று கல் அடுப்பில் 15 பங்கு ஏறினாலே அதிகம். காய்ந்த விறகு ஏழு கிலோ வேண்டும், பச்சை விறகு பன்னிரண்டு கிலோவுக்கு மேல். கேஸின் கலோரி மதிப்பு காய்ந்த விறகைப் போல மூன்று மடங்கு சொச்சம்தான். எடையில் பதினான்கு மடங்கு வித்தியாசம் வருவதற்கு, மிச்சம் நான்கு மடங்கைச் சேர்த்தது அடுப்பு. புகைக்கூண்டும், காற்று அளவாக நுழையும் வாயும், பாத்திரத்தை ஒட்டிய சுவரும் வைத்துக் கட்டிய அடுப்பில் அதே காய்ந்த விறகு நூற்றுக்கு 30 பங்கு சூட்டைக் கொடுத்தால், ஏழு கிலோ மூன்றரையாகக் குறையும். விறகின் கலோரி மதிப்பு அப்போதும் 3,400தான்.