'சரி' என்ற சொல் போதாது

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் டீசல் ஜெனரேட்டர் அறைகளில் தொங்கும் பராமரிப்புப் பதிவேட்டை யாரேனும் புரட்டிப் பார்த்ததுண்டா? எங்கள் குடியிருப்பின் பதிவேட்டில் ஆண்டு முழுவதும் 'சரி' என்ற ஒரே சொல்தான் இருந்தது. ஆயினும் ஒரு மழையிரவில் மின்சாரம் தடைபட்டபோது ஜெனரேட்டர் இயங்கவில்லை. பேட்டரி வலுவிழந்திருந்தது. அதன்பின் புதிய பராமரிப்புக் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது.

'சரி' என்பது ஒரு தீர்ப்பு, அளவு அன்று. சார்ஜரைத் துண்டித்துச் சில மணி நேரம் கழித்து அளந்தால், முழுமையாக மின்னேற்றப்பட்ட 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.2 எனில், பாதி மின்னேற்றமே மிஞ்சியுள்ளது. ஒரு வாரம் 12.6, அடுத்த வாரம் 12.5, பின்னர் 12.3 என எண்கள் பதிவாகியிருந்தால், பழுது முன்னரே புலப்பட்டிருக்கும். சார்ஜர் இணைந்திருக்கையில் அளந்தால் பலவீனமான பேட்டரியும் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டி ஏமாற்றும். ஆகவே, எதை அளப்பது என்பதோடு எந்த நிலையில் அளப்பது என்பதையும் குறிப்பு சொல்ல வேண்டும்.

அடுத்தது, எச்சரிக்கையின் இடம். பல குறிப்புகளில் எச்சரிக்கைகள் கடைசிப் பக்கத்தில் இருக்கின்றன. தானியங்கி நிலையில் உள்ள ஜெனரேட்டர், மின்தடை ஏற்பட்ட கணமே சுழலத் தொடங்கும்; அப்போது விசிறிப் பட்டைக்கு அருகில் கை இருந்தால் என்னவாகும்? எனவே, இயந்திரத்தைத் தொடும் முதல் படிக்கு முன்பே அதை எழுதினேன்: தேர்வுச் சாவியை நிறுத்த நிலைக்குத் திருப்புக, சார்ஜரை அணைக்குக, பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்றுக, மீண்டும் இணைக்கையில் அதையே கடைசியில் இணைக்குக. காரணத்தையும் சேர்த்தேன்: நேர்முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் இயந்திரத்தின் உடலில் பட்டால் தீப்பொறி எழும்; பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் அதில் வெடிக்கக்கூடும். காரணம் தெரிந்தவர் படியைத் தாண்டிச் செல்லமாட்டார்.

மூன்றாவது, சோதனை ஓட்டம். சுமையின்றிப் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது பரவலான வழக்கம். இதனால் எஞ்சின் போதிய வெப்பம் அடைவதில்லை. எரியாத டீசலும் கரியும் புகைபோக்கியில் படிகின்றன. புகைக்குழாய் இணைப்புகளில் கசியும் கறுத்த எண்ணெய்ப் பசை அதன் அடையாளம். மாதம் ஒருமுறை, குறைந்தது 30 நிமிடம், திறனில் 30 விழுக்காட்டுச் சுமையுடன் ஓட்டுவது நல்ல நெறி. எங்களுடையது 125 கே.வி.ஏ.; 0.8 திறன் காரணியில் அது 100 கிலோவாட். ஆக, 30 கிலோவாட் சுமை வேண்டும். மின்தூக்கியும் தண்ணீர் மோட்டாரும் மட்டும் அந்த அளவை எட்டவில்லை. வீடுகளின் இணைப்பையும் சேர்த்தே சோதிக்கிறோம்.

இப்போது பதிவேட்டில் 'சரி' என்பதற்குக் கட்டமே இல்லை. பேட்டரி வோல்ட், எண்ணெய் அழுத்தம், குளிர்விப்பு நீரின் வெப்பம், சுமை ஆகிய நான்கு எண்களும், அளந்தவரின் கையொப்பமும் மட்டுமே இருக்கின்றன.