பால் கொட்டும் வீட்டுக்கு எந்தச் சோபா துணி?

சிங்கப்பூரில் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். அதனால் யாரும் எதையும் கொட்டாவிட்டாலும் சோபா துணி காற்றிலிருந்தே நீரை இழுத்துக்கொள்கிறது. எவ்வளவு நீர் என்பது துணியின் இழையைப் பொறுத்தது.

பருத்தி செல்லுலோஸால் ஆனது. அதன் மூலக்கூறிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகள் நீரைப் பிடித்துவைக்கின்றன. பாலியெஸ்டரில் இந்தப் பிடிப்பு மிகக் குறைவு. 65 விழுக்காடு ஈரப்பதமும் 20 பாகை செல்சியஸும் உள்ள ஆய்வுக்கூடத்தில், உலர்ந்த 2 கிலோ பருத்தி உறை சுமார் 170 கிராம் நீரை ஏற்கும். அதே எடையுள்ள பாலியெஸ்டர் உறை சுமார் 8 கிராம்தான். நம் வீட்டுக் காற்று அதைவிட ஈரமானது. ஈரமான பருத்தியின் செல்லுலோஸையே பூஞ்சை உணவாக்கிக்கொள்ளும். கரும்புள்ளிகளும் புழுங்கிய வாடையும் அதன் அடையாளம்.

தம்பியோ தங்கையோ பாலைக் கொட்டினால்? பாலியெஸ்டர் இழை உறிஞ்சாவிட்டாலும், நெசவின் இடைவெளி வழியே பால் உள்ளிருக்கும் நுரைமெத்தைக்கு இறங்கிப் புளித்துவிடும். ஆகவே நெருக்கமாக நெய்த, கழற்றித் துவைக்கக்கூடிய பாலியெஸ்டர் உறையே ஏற்றது. கடையில் மாதிரித் துண்டு கேளுங்கள். அதனடியில் டிஷ்யூ தாளை வைத்து, மேலே ஒரு தேக்கரண்டி நீர் விடுங்கள். தாள் உடனே நனைந்தால் வேறு துணியைப் பாருங்கள்.

ஒரு குறை உண்டு: பாலியெஸ்டர் எண்ணெயை எளிதில் பற்றிக்கொள்ளும். குழம்புக் கறை பட்டால் வெறும் நீர் போதாது, சவர்க்காரம் தேவை.